நீலமும் வெள்ளையும்: லைகேஷன் தட்டைப் படிப்பது எப்படி?

வெக்டரையும் இன்சர்ட்டையும் லைகேஸ் நொதியால் ஒட்டி, ஈ. கோலைக்குள் ஏற்றி, ஆம்பிசிலின் தட்டில் பரப்பி, இரவு முழுக்க 37 டிகிரியில் வைத்தாயிற்று. காலையில் தட்டில் நீலக் காலனிகளும் வெள்ளைக் காலனிகளும் கலந்து முளைத்திருக்கின்றன. நீலம் என்றால் காலி வெக்டர், வெள்ளை என்றால் இன்சர்ட் உள்ளே போய்விட்டது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பி நான்கு வெள்ளைக் காலனிகளை எடுத்து வளர்த்துவிட்டு, நான்கிலும் காலி பிளாஸ்மிட்டைக் கண்டு விழிப்பவர்கள் எல்லா ஆய்வகங்களிலும் உண்டு. வெள்ளைக் காலனி உண்மையில் சொல்வது ஒன்றுதான்: இந்த பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட புரதத் துண்டு வேலை செய்யவில்லை. ஏன் வேலை செய்யவில்லை என்பதை நிறம் சொல்லாது. அதைப் பக்கத்தில் வைத்த கட்டுப்பாட்டுத் தட்டுகள்தான் சொல்லும்.

முதலில் அந்தப் புரதத் துண்டு எது என்று பார்த்துவிடலாம். ஈ. கோலையின் பீட்டா-கேலக்டோசிடேஸ் ஆயிரத்துச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. நான்கு சங்கிலிகள் சேர்ந்தால்தான் அது நொதியாக வேலை செய்யும். இந்தச் சங்கிலியின் முன்பகுதியில் 11 முதல் 41 வரையிலான அமினோ அமிலங்கள் இல்லாத ஒரு குறைபட்ட வடிவம் உண்டு. எம்15 நீக்கம் என்று அதற்குப் பெயர். முன்பகுதி இல்லாததால் அதன் நான்கு சங்கிலிகளும் ஒழுங்காகச் சேர்வதில்லை. ஆனால் அந்த முன்பகுதியைத் தனித் துண்டாகக் கொடுத்தால் போதும், இரண்டும் கூடி நொதி உயிர்பெற்றுவிடும். 1967இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆக்னஸ் உல்மன், பிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகியோர் இதை வெளியிட்டார்கள். ஆல்ஃபா நிரப்பல் என்பது இதுதான். பத்து ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் இருந்த யோவாகிம் மெஸ்ஸிங் இதையே குளோனிங் கருவியாக மாற்றத் தொடங்கினார். இன்றும் ஆய்வகங்களில் புழங்கும் பியூசி 19 பிளாஸ்மிட் அந்த வரிசையில் வந்தது.

பியூசி 19இன் நீளம் 2686 கார இணைகள். லாக்-இசட் மரபணுவின் முன்பகுதி மட்டுமே அதில் இருக்கிறது. அந்த முன்பகுதியின் தொடக்கத்திலேயே, முதல் சில கோடான்களுக்கு அடுத்து, பல வெட்டு நொதிகளின் இடங்களை நெருக்கமாக அடுக்கிய சிறு பகுதி ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். அதைச் செருகியும் மரபணுவின் வாசிப்புச் சட்டகம் குலையவில்லை. மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படும் வரிசை அப்படியே தொடர்வதால் ஆல்ஃபா துண்டு உருவாகிறது. டி.எச்.5 ஆல்ஃபா போன்ற பாக்டீரியா எம்15 நீக்கம் கொண்ட மீதிப் பகுதியைத் தருகிறது. இரண்டும் சேர்ந்து உருவாகும் நொதி, தட்டில் உள்ள எக்ஸ்-கால் என்ற பொருளை உடைக்கிறது. உடைந்து வரும் இண்டாக்சில் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனால் இரண்டிரண்டாகச் சேர்ந்து அவுரி நீலத்தின் நெருங்கிய உறவான ஒரு நிறமியாகின்றன. அந்த நிறமி நீரில் கரையாது. அதனால்தான் நீலம் அகாரில் பரவாமல் உரிய காலனியிலேயே நிற்கிறது.

ஆக, அந்த அடுக்குப் பகுதியில் எதைச் செய்து சட்டகத்தைக் குலைத்தாலும் காலனி வெள்ளையாகிவிடும். இன்சர்ட் நுழைவது அப்படிக் குலைக்கும் வழிகளில் ஒன்று மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். பி.சி.ஆரில் பெருக்கிய 900 கார இணை நீளமுள்ள துண்டு. இரு முனைகளிலும் ஈகோ-ஆர்-ஒன் இடங்களை வைத்திருக்கிறோம். பியூசி 19ஐயும் அதே நொதியால் வெட்டி, முனைகளில் உள்ள பாஸ்பேட்டை நீக்கியிருக்கிறோம். வெக்டர் தானே மூடிக்கொள்வதைக் குறைக்கத்தான் இந்தப் பாஸ்பேட் நீக்கம். வெக்டர் 50 நானோகிராம் எடுத்தால், ஒரு வெக்டர் மூலக்கூறுக்கு மூன்று இன்சர்ட் மூலக்கூறு என்ற விகிதத்துக்கு எவ்வளவு இன்சர்ட் வேண்டும்? 50ஐ 900ஆல் பெருக்கி, 2686ஆல் வகுத்து, மூன்றால் பெருக்கினால் ஏறத்தாழ 50 நானோகிராம் வருகிறது. இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே எடையாக அமைந்தது தற்செயல். இன்சர்ட்டின் நீளம் மாறினால் எடையும் மாறும்.

இந்த லைகேஷனோடு சேர்த்து வேறு சில குழாய்களையும் அதே கம்பீட்டன்ட் செல்களில் ஏற்றி, அதே அளவு பரப்பவேண்டும். டி.என்.ஏ எதுவும் சேர்க்காத செல்கள் ஒன்று. வெட்டிய வெக்டர், லைகேஸ் இல்லாமல் ஒன்று. வெட்டிய வெக்டர், லைகேஸோடு, ஆனால் இன்சர்ட் இல்லாமல் ஒன்று. வெட்டாத பியூசி 19, மிகச் சிறிய அளவில் ஒன்று. செலவு குறைக்கிறேன் என்று பலரும் விட்டுவிடுவது மூன்றாவதைத்தான். என் கருத்தில், ஒரே ஒரு கட்டுப்பாட்டுக்குத்தான் தட்டு இருக்கிறது என்றால் வைக்கவேண்டியது அந்த மூன்றாவதையே.

மறுநாள் வந்த கணக்கு இப்படி என்று வைத்துக்கொள்வோம். டி.என்.ஏ இல்லாத தட்டில் எதுவும் முளைக்கவில்லை. எனவே ஆம்பிசிலின் வேலை செய்கிறது. லைகேஸ் இல்லாத தட்டில் 6 காலனி, எல்லாமே நீலம். இவை நொதி வெட்டாமல் விட்ட வெக்டர்கள். இன்சர்ட் இல்லாமல் லைகேஸ் மட்டும் சேர்த்த தட்டில் 40 காலனி: 34 நீலம், 6 வெள்ளை. உண்மையான லைகேஷன் தட்டில் 180: 36 நீலம், 144 வெள்ளை.

படிக்கவேண்டிய முதல் எண் இன்சர்ட் இல்லாத தட்டில் உள்ள அந்த 6 வெள்ளை. இன்சர்ட்டே சேர்க்காத குழாயிலிருந்து வெள்ளைக் காலனி வந்திருக்கிறது! எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். இப்போதைக்கு, லைகேஷன் தட்டின் 144 வெள்ளையில் ஏறக்குறைய 6 இந்த வகையைச் சேர்ந்தவை என்று கழித்துவிடலாம். மீதி 138. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைக் காலனியை எடுத்தாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாய்ப்பு இன்சர்ட் இருப்பதற்கே. நான்கைந்து காலனிகள் எடுத்தால் போதும். நீலம் இரண்டு தட்டிலும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பது, அது தானே மூடிக்கொண்ட வெக்டரும் வெட்டப்படாத வெக்டரும்தான் என்பதைக் காட்டுகிறது.

இதே கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு லைகேஷன் தட்டின் கணக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். 50 காலனி: 36 நீலம், 14 வெள்ளை. பார்வைக்கு நாலில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளை, மோசமில்லை என்று தோன்றும். ஆனால் 14இல் 6 போலி என்றால், மீதி 8தான் நம்பத்தக்கவை. இங்கே நாலு காலனி எடுத்து நிறுத்திக்கொள்ளக் கூடாது. எட்டுப் பத்து எடுக்கவேண்டும். இன்னும் குறைந்து, 44 காலனி, அதில் 8 வெள்ளை என்று வந்தால்? நூற்றுக்குப் பதினெட்டு வெள்ளை என்று மகிழ இதில் ஒன்றுமில்லை. 6க்கும் 8க்கும் இடையே உள்ள வித்தியாசம் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் எதையும் நிரூபிக்காது. லைகேஷன் நடக்கவில்லை என்றே கொள்ளவேண்டும். காலனி எடுப்பதில் செலவழிக்கும் நேரத்தை, இன்சர்ட்டின் முனைகள் சரியாக வெட்டப்பட்டனவா என்று பார்ப்பதில் செலவழிப்பதே மேல். பி.சி.ஆர் துண்டின் விளிம்புக்கு மிக அருகில் வெட்டுமிடம் இருந்தால் பல நொதிகள் சரியாக வெட்டாது. பிரைமரில் வெட்டுமிடத்துக்கு வெளியே சில எழுத்துகளைக் கூடுதலாக வைத்தோமா என்று அங்கேதான் முதலில் பார்க்கவேண்டும்.

இனி, அந்தப் போலி வெள்ளை எங்கிருந்து வருகிறது? ஈகோ-ஆர்-ஒன் வெட்டும்போது நான்கு எழுத்து நீட்டிக்கொண்டிருக்கும் முனை கிடைக்கிறது. இரண்டு முனையும் குறையில்லாமல் திரும்ப ஒட்டினால் பழைய வரிசையே திரும்பி வந்து காலனி நீலமாகும். ஆனால் வெட்டு நொதியிலோ பாஸ்பேட் நீக்கும் நொதியிலோ சிறிது டி.என்.ஏ தின்னும் நொதி கலந்திருந்தால், அல்லது வெட்டுவதை இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டால், முனையில் ஓரிரு எழுத்துகள் அரிபடலாம். அப்படி அரிபட்டு மூடிக்கொண்ட வெக்டரில் எழுத்துக் கணக்கு மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் சட்டகம் நகர்ந்துவிடும். ஆல்ஃபா துண்டு உருவாகாது. இன்சர்ட் எதுவும் இல்லாமலேயே காலனி வெள்ளை.

இதன் தெளிவான உதாரணத்தைச் சிலர் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள். முனை பொருந்தாத இன்சர்ட்டைச் சேர்க்க வேண்டி, ஈகோ-ஆர்-ஒன்னால் வெட்டிய பியூசி 19இன் முனைகளை நிரப்பி மொட்டையாக்குகிறார்கள். நிரப்பியபின் அந்த வெக்டர் தானே மூடிக்கொண்டால் பழைய வரிசையில் நான்கு எழுத்து கூடுதலாகிறது. நான்கு மூன்றின் மடங்கல்ல. ஆகவே அங்கே காலி வெக்டர்கள் எல்லாமே வெள்ளைதான். நிறத்தால் எதையும் பிரிக்க முடியாது. மொட்டை முனைதான் வேண்டுமென்றால் இயல்பாகவே மொட்டையாக வெட்டும் எஸ்எம்ஏ-ஒன் நொதியைப் பயன்படுத்தலாம். அது தானே மூடிக்கொண்டால் எழுத்து கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. காலி வெக்டர் நீலமாகவே காட்டும்.

இன்னொரு போலி வெள்ளை இதைவிடத் தந்திரமானது. அதை நான் சொன்ன கட்டுப்பாட்டுத் தட்டும் பிடிக்காது. 900 கார இணைத் துண்டை எதிலிருந்து பெருக்கினோம்? ஆம்பிசிலின் எதிர்ப்பு கொண்ட வேறொரு பிளாஸ்மிட்டிலிருந்து பெருக்கியிருந்தால், அந்த மூலப் பிளாஸ்மிட்டில் கொஞ்சம் இன்சர்ட்டோடு சேர்ந்தே லைகேஷன் குழாய்க்குள் வந்திருக்கும். அது வட்டமாக, வெட்டுப்படாமல் இருப்பதால் ஒட்டவேண்டிய தேவையே இல்லாமல் பாக்டீரியாவுக்குள் நன்றாக ஏறிக்கொள்ளும். அதில் ஆல்ஃபா துண்டு இல்லாவிட்டால் காலனி சுத்தமான வெள்ளை. அந்தக் காலனியை இன்சர்ட்டின் பிரைமர்களால் பி.சி.ஆர் செய்து பார்த்தால் சரியாக 900இல் பட்டை வரும், ஏனென்றால் அந்த மரபணு உண்மையிலேயே அதில் இருக்கிறது. நிறமும் பி.சி.ஆரும் ஒன்றாகச் சேர்ந்து ஏமாற்றும் இடம் இது. இன்சர்ட்டும் லைகேஸும் மட்டும், வெக்டர் இல்லாமல், ஒரு குழாய் வைத்துப் பரப்பினால் இது உடனே வெளிப்படும். அந்தத் தட்டில் ஒன்றும் முளைக்கக் கூடாது. முளைத்தால், பி.சி.ஆர் முடிந்ததும் டிபிஎன்-ஒன் நொதியால் செரிக்கவேண்டும். வழக்கமான ஈ. கோலை வகைகளில் வளர்ந்த பிளாஸ்மிட்டில் மெத்தில் குறி இருக்கும். இந்த நொதி மெத்தில் குறியுள்ள டி.என்.ஏவை மட்டும் வெட்டுவதால் மூலப் பிளாஸ்மிட் அழிந்து, குழாயில் பிறந்த பி.சி.ஆர் துண்டு தப்பிக்கிறது. அல்லது, மூலப் பிளாஸ்மிட் கனமைசின் எதிர்ப்பு கொண்டதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நீலத்துக்கும் இதுபோல ஒரு மறுபக்கம் உண்டு. இன்சர்ட் நுழைந்தும் நீலமாகவே இருக்கும் காலனிகள் உள்ளன. கூடும் எழுத்துகளின் மொத்த எண்ணிக்கை மூன்றின் மடங்காக இருந்து, அந்தச் சட்டகத்தில் நிறுத்தக் கோடான் எதுவும் வராமலிருந்தால், ஆல்ஃபா துண்டு ஒரு கூடுதல் வாலைச் சுமந்துகொண்டு உருவாகும். வேலையும் செய்யும், சற்று மந்தமாக. 64 கோடான்களில் 3 நிறுத்தக் கோடான். எழுத்துகள் தாறுமாறாக அமைந்த 90 எழுத்துத் துண்டில், அதாவது 30 கோடானில், ஒன்றுகூட நிறுத்தமாக இல்லாமல் தப்ப ஏறக்குறைய நாலில் ஒரு வாய்ப்பு. சட்டகம் பொருந்துவதற்கு மூன்றில் ஒரு வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் நூற்றுக்கு எட்டு. 300 எழுத்துத் துண்டுக்கு இதே கணக்கைப் போட்டால் ஆயிரத்துக்கு மூன்றுக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே நமது 900க்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம். சிறு துண்டுகளைக் குளோன் செய்பவர்கள், குறிப்பாக வெளிர்நீலக் காலனிகளை, ஒதுக்காமல் இரண்டு மூன்றை எடுத்துப் பார்க்கவேண்டும். தாறுமாறான வரிசை என்பது கணக்குக்கான அனுமானம்தான். ஒரு மரபணுவின் உட்பகுதியை அதன் சொந்தச் சட்டகத்திலேயே பொருத்தி வைத்தால் நிறுத்தக் கோடானே குறுக்கிடாது. அப்போது நீளமான துண்டும் வெளிர்நீலமாக வரலாம்.

வெளிர்நீலத்தை மதிப்பிடுவதற்கு முன் தட்டைச் சில மணி நேரம் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்துப் பாருங்கள். பதினாறு மணி நேரத்தில் தயக்கமாகத் தெரிந்த நீலம் அங்கே அடர்ந்துவிடும். காலையில் அவசரப்பட்டு வெள்ளை என்று குறித்த காலனி மாலையில் நீலமாக நிற்பதை இப்படித் தவிர்க்கலாம். நடுவில் நீலமும் விளிம்பில் வெள்ளையுமாக இருக்கும் காலனி வேறு வகை. பெரும்பாலும் அது சரியாக வளர்ந்து முடியாத நீலக் காலனி, அல்லது இரண்டு காலனிகள் ஒட்டிக்கொண்டவை. கூர்ந்து பார்த்தால் ஒட்டிய இடத்தில் இடுப்பு போல ஒரு குறுகல் தெரியும். இதைத் தனியே கோடிட்டுப் பரப்பி மறுபடி பிரிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

பெரிய காலனியைச் சுற்றி ஊசிமுனை அளவில் வெள்ளைப் பொடிகள் தெரிந்தால் அவற்றைத் தொடவேண்டாம். நடுவிலுள்ள காலனி சுரக்கும் பீட்டா-லாக்டமேஸ் சுற்றிலுமுள்ள ஆம்பிசிலினை அழித்துவிட, பிளாஸ்மிட் இல்லாத செல்கள் அந்த இடைவெளியில் முளைக்கின்றன. பிளாஸ்மிட்டே இல்லாததால் அவை வெள்ளை. புதிய ஆம்பிசிலின் தட்டில் ஒற்றியெடுத்தால் வளராது. தட்டை இருபது மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் இவை பெருகும். ஆம்பிசிலினுக்குப் பதிலாக கார்பெனிசிலின் போட்டால் குறையும்.

சில நேரம் தட்டு முழுக்க ஒரே நிறமாக இருக்கும். அப்போது வெட்டாத பியூசி 19 ஏற்றிய தட்டைப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதில் எல்லாமே நீலமாக இருக்கவேண்டும். அதுவும் வெள்ளையாக இருந்தால் குற்றம் லைகேஷனில் இல்லை. எக்ஸ்-கால் போட மறந்திருக்கலாம், வெளிச்சத்தில் கிடந்து கெட்டிருக்கலாம், அல்லது பாக்டீரியா வகை எம்15 நீக்கத் துண்டைத் தராததாக இருக்கலாம். ஜே.எம்.109, எக்ஸ்.எல்.1-புளூ போன்ற வகைகளில் தடைப்புரதம் மிகுதியாக உருவாவதால் ஐ.பி.டி.ஜி இல்லாமல் நீலம் வராது. டி.எச்.5 ஆல்ஃபாவில் ஐ.பி.டி.ஜி இல்லாவிட்டாலும் வந்துவிடும். எதிர்மாறாக, தட்டு முழுக்க நீலமாக இருந்தால் செல்லின் பெயரைப் பாருங்கள். புரதம் உற்பத்தி செய்யப் பயன்படுத்தும் பி.எல்.21 வகையில் முழு லாக்-இசட் மரபணுவே இருக்கிறது. அதில் எதை ஏற்றினாலும் நீலம்தான்.

இத்தனை வடிகட்டலுக்குப் பிறகும் கையில் இருப்பது ஒரு சந்தேகப் பட்டியல்தான். எங்கள் எடுத்துக்காட்டில் ஐந்து வெள்ளைக் காலனிகளை எடுத்து, ஒவ்வொன்றையும் புதிய தட்டில் ஒற்றிவிட்டு, மீதியில் காலனி பி.சி.ஆர் செய்வோம். இதற்கு இன்சர்ட்டின் பிரைமர்கள் வேண்டாம். அடுக்குப் பகுதியின் இருபுறமும் வெக்டரிலேயே அமர்ந்துகொள்ளும் எம்13 பிரைமர்களைப் போடுவோம். காலி பியூசி 19இல் பட்டை ஏறத்தாழ 100 முதல் 150 கார இணைக்குள் வரும், எந்த எம்13 பிரைமர் சோடி என்பதைப் பொறுத்து. இன்சர்ட் இருந்தால் அதோடு 900 கூடி, ஆயிரத்துக்குச் சற்று மேலே நிற்கும். இன்சர்ட்டின் பிரைமர்களைப் போட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பரப்பிய லைகேஷன் கலவையில் எஞ்சிய இன்சர்ட் டி.என்.ஏ தட்டின் மேற்பரப்பிலேயே கிடக்கிறது. காலனியோடு சேர்ந்து அதுவும் குச்சியில் ஒட்டிவந்து பட்டை காட்டிவிடும்.

ஒரே நொதியால் இரு முனையும் வெட்டியிருப்பதால் இன்சர்ட் எந்தப் பக்கம் திரும்பி அமர்ந்திருக்கிறது என்பதில் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இரண்டுமே வெள்ளைதான், எம்13 பட்டையும் இரண்டுக்கும் ஒரே நீளம்தான். திசை முக்கியம் என்றால் ஓர் எம்13 பிரைமரும் இன்சர்ட்டுக்குள் ஒரு பிரைமருமாக இரண்டாவது பி.சி.ஆர் வேண்டும். அதில் ஒரு திசையில் மட்டுமே பட்டை வரும். ஈகோ-ஆர்-ஒன்னும் ஹின்டு-த்ரீயுமாக இரண்டு நொதிகளால் வெட்டியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது. அதனால், திசை வேண்டும் என்று முன்பே தெரிந்தால் இரண்டு நொதியைத் தேர்ந்தெடுப்பதே என் வழக்கம்.

பட்டை சரியாக வந்த இரண்டு காலனிகளில் பிளாஸ்மிட்டைப் பிரித்து, ஈகோ-ஆர்-ஒன்னால் வெட்டினால் 2.7 கிலோகார இணை அருகே ஒன்றும் 900 அருகே ஒன்றுமாக இரண்டு பட்டை தெரியும். பிறகு வரிசை வாசிப்புக்கு அனுப்பலாம். பி.சி.ஆர் புகுத்திய எழுத்துப் பிழைகளை நிறமும் காட்டாது, நீளமும் காட்டாது. காலனி பி.சி.ஆர் ஜெல்லில் இந்த ஐந்து வெள்ளைகளோடு ஒரு நீலக் காலனியையும் சேர்த்து ஓட்டிவிடுங்கள். காலி வெக்டரின் பட்டை எங்கே நிற்கும் என்பதை அது அதே ஜெல்லில் காட்டும். ஆயிரத்தில் நிற்கும் பட்டை வெள்ளைக் காலனிகளின் இன்சர்ட்டா, இல்லை தண்ணீரிலும் பிரைமரிலும் கலந்துவிட்ட பழைய பி.சி.ஆர் கசிவா என்பதும் அந்த நீலக் காலனியின் பாதையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.